ஒரு நாள் ஸ்டோரியா, நிலையான பதிவா: புடவைக் கணக்கு நடத்துபவரின் ஒப்பீடு

மதுரைச் சுங்குடிப் புடவைகளை வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். புதிய சரக்கு வரும்போதெல்லாம் அதை ஸ்டோரியில் போடுவதா, பதிவாக இடுவதா, ஸ்டோரியில் போட்டுவிட்டுப் பிறகு ஹைலைட்டில் சேமிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. விலை, அளவு, துவைக்கும் முறை போன்ற தகவல்கள் எல்லாவற்றையும் இப்போது பதிவுகளில்தான் வைக்கிறேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பதிவு நாமே நீக்கும்வரை பக்கத்தில் இருக்கும். 2017 டிசம்பரில் வந்த ஹைலைட் வசதி, மறைந்த ஸ்டோரிகளில் நமக்கு வேண்டியவற்றைப் பக்கத்தின் மேல்பகுதியில் வட்ட வட்டமாக நிறுத்தி வைக்கிறது. அன்றைக்கு வந்த சரக்கைக் காட்டவும், யார் யார் பார்த்தார்கள் என்று அறியவும் ஸ்டோரியே வசதி. வெளி இணைப்பை ஒட்டினால் தொட்டவுடன் திறக்கும். பதிவின் விளக்கத்தில் இடும் முகவரி அப்படித் திறக்காது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். ஒரு புடவையின் விலை 850 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலையைக் காணொளியின் மேலேயே எழுதி ஸ்டோரியில் போட்டு, "விலைப்பட்டியல்" என்ற ஹைலைட்டிலும் சேர்த்தாகிவிட்டது. பிறகு நூல் விலை ஏறி, புடவை 950 ஆகிறது. ஸ்டோரியில் எழுதியது படத்தோடு ஒட்டிய எழுத்து. அதைத் திருத்த வழியில்லை. பழைய துண்டை ஹைலைட்டிலிருந்து எடுக்க வேண்டும், புதிய விலையுடன் மீண்டும் ஒரு ஸ்டோரி போட வேண்டும், அதை ஹைலைட்டில் சேர்க்க வேண்டும். அந்தப் புதிய ஸ்டோரி ஒரு நாள் முழுவதும் எல்லோர் கண்ணிலும் படும். ஹைலைட்டிலோ அது கடைசியில் போய் நிற்கும். புடவையின் அளவு, விலை, பணம் செலுத்தும் முறை என்று வரிசையாக அமைத்திருந்தால், நடுவில் இருந்த விலை இப்போது கடைசியில் வரும். அதுவரை பொறுமையாகத் தட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இதே தகவல் பதிவில் இருந்தால் விளக்கத்தைத் திறந்து 850ஐ 950 ஆக்கினால் வேலை முடிந்தது. பதிவின் இடமும் பழைய கருத்துகளும் அப்படியே இருக்கும். இதற்கு ஒரே நிபந்தனை, விலையைப் படத்தில் எழுதக் கூடாது. விளக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். பல படங்கள் சேர்ந்த பதிவில் ஒரு படத்தை மட்டும் நீக்கலாம், ஆனால் அதன் இடத்தில் வேறு படத்தை வைக்க முடியாது.

கேள்விகளிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. "முதல் தடவை துவைத்தால் சாயம் போகுமா?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஸ்டோரிக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் தனிச்செய்தியாக வருகின்றன; ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டும். பதிவின் கீழ் ஒருமுறை, "முதலில் இரண்டு மூன்று முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், நிழலில் உலர்த்துங்கள்" என்று எழுதிவிட்டால், அடுத்து வருபவர் கேட்காமலே படித்துவிடுகிறார். முக்கியமான மூன்று பதிவுகளைப் பக்கத்தின் உச்சியில் பொருத்தி வைக்கவும் முடியும். துவைக்கும் முறைப் பதிவை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஹைலைட்டை நான் விலக்கவில்லை. காலாவதியாகாத விஷயங்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. வாங்கியவர்கள் உடுத்திய படங்களை, அவர்களின் அனுமதியுடன், அங்கே சேர்க்கிறேன். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் காணொளித் துண்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் மாறக்கூடிய எந்த எண்ணும் கிடையாது. ஹைலைட்டை நம்பி வேலை செய்பவர்கள், ஸ்டோரிகளைத் தானாகச் சேமிக்கும் தெரிவு அமைப்புகளில் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இயங்காத நிலையில் 24 மணி நேரத்துக்குள் ஹைலைட்டில் சேர்க்காமல் விட்டால், பிறகு எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. நீக்குவதிலும் கவனம் வேண்டும்: ஒரு துண்டை ஹைலைட்டிலிருந்து மட்டும் எடுத்தால் அது சேமிப்பில் பத்திரமாக இருக்கும், சேமிப்பிலிருந்தே அழித்தால் ஹைலைட்டிலிருந்தும் போய்விடும்.

ஸ்டோரி மறைந்துவிடும் என்ற நம்பிக்கையில் வாடிக்கையாளரின் முகவரி தெரியும் பார்சல் படத்தைப் போடுபவர்களையும் பார்க்கிறேன். ஒருவர் ஸ்டோரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் இன்ஸ்டாகிராம் நமக்குத் தெரிவிப்பதில்லை. பதிவில் போடத் தயங்கும் எதையும் ஸ்டோரியிலும் போட வேண்டாம்.

இவையெல்லாம் ஒரு சிறிய கணக்கில் நான் கண்டவை. தினமும் விலை மாறும் பூ வியாபாரம் போன்ற தொழிலில் ஸ்டோரியின் பக்கமே தட்டு சாயலாம். நேற்றைய விலை தானாக மறைவது அங்கே பெரிய வசதி. என்னுடையதைப் போல ஒரே விலை மாதக்கணக்கில் நிற்கும் பொருளாக இருந்தால், விலையைப் பதிவின் விளக்கத்தில் எழுதிவிட்டு, "விலை இந்தப் பதிவில்" என்று அந்தப் பதிவையே ஸ்டோரியில் பகிர்ந்தால் போதும்.