எஃப்.டி. ரசீதில் ‘காலாண்டு கூட்டு வட்டி’ என்று போட்டுவிட்டு தனி வட்டி கொடுத்த வங்கி: 14,121 ரூபாய் போச்சு, நீங்களாவது பாருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கும் ஒரு சிறிய கூட்டுறவு வங்கி. பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அம்மா 2022 மே மாதம் அங்கே 5 லட்சம் ரூபாயை மூன்று வருடத்துக்கு எஃப்.டி. போட்டார். 8 சதவீத வட்டி, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி. போன மாதம் முதிர்ந்து கணக்கில் வந்தது 6,20,000. வந்திருக்க வேண்டியது 6,34,121. அதாவது 14,121 ரூபாய் குறைவு.

அம்மா அந்த வங்கியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அங்கே இருந்த மேலாளர். தமிழர், வேலூர் பக்கம். அம்மாவுக்குக் கன்னடம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, “அம்மா, வட்டி குட்டி போடும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டியையும் அசல்ல சேர்த்துடுவோம், நீங்க மூணு வருஷம் இந்தப் பக்கமே வர வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறார். ரசீதைத் தன் கையாலேயே பிளாஸ்டிக் உறையில் போட்டு, “பீரோவுல பத்திரமா வைங்க” என்று கொடுத்திருக்கிறார். அப்பா போன பிறகு வந்த பணம் அது. அம்மா சொன்னபடியே பீரோவில் வைத்தார்.

இப்போது அந்த ரசீதை எடுத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. அசல் 5,00,000. வட்டி விகிதம் 8.00. அடுத்த கட்டத்தில் ‘காலாண்டு கூட்டு வட்டி’ என்று அச்சாகியிருக்கிறது. அதற்குக் கீழே முதிர்வுத் தொகை 6,20,000. ஒரே காகிதத்தில் மேல் வரி ஒன்று சொல்கிறது, கீழ் வரி வேறொன்று சொல்கிறது! கீழே அதிகாரியின் கையெழுத்து, முத்திரை எல்லாம் ஜோராக.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வருடத்துக்கு 8 என்றால் காலாண்டுக்கு 2 சதவீதம். முதல் மூன்று மாதத்துக்கு 5 லட்சத்துக்கு 10,000. அது அசலோடு சேர்ந்து 5,10,000 ஆகிறது, அதற்கு அடுத்த மூன்று மாதத்துக்கு 10,200. அப்புறம் 10,404, அப்புறம் 10,612. முதல் வருடம் முடிந்தபோதே வட்டி 41,216 ஆகியிருக்க வேண்டும், தனி வட்டியாக இருந்தால் வெறும் 40,000. வித்தியாசம் முதல் வருடத்தில் சின்னதாகத்தான் தெரியும், வருடம் ஏற ஏற பெருகும். மூன்று வருடத்துக்கு 12 காலாண்டு. போன் கால்குலேட்டரில் 5,00,000-ஐ 1.02 ஆல் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள், 6,34,121 வரும். கணினியில் என்றால் இப்படி:

```
=500000*(1+0.08/4)^(4*3)
```

இதைவிடச் சுலபமாக, வட்டி அசலோடு சேரவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முதிர்வுத் தொகையில் அசலைக் கழித்து, மிச்சத்தை வருடங்களால் வகுத்து, அது அசலில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எங்கள் ரசீதில் 1,20,000-ஐ மூன்றால் வகுத்தால் 40,000, அது 5 லட்சத்தில் அச்சு அசலாக 8 சதவீதம். ரசீதில் போட்ட விகிதமே அப்படியே திரும்பி வந்தால் அது தனி வட்டிதான், சந்தேகமே வேண்டாம். உண்மையில் காலாண்டுக்கு ஒருமுறை கூட்டியிருந்தால் 8.94 சதவீதம் வந்திருக்கும். 6,29,856 என்று போட்டிருந்தால் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆக, தொகையைப் பார்த்தே எப்படிக் கணக்கு போட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஒன்றிரண்டு ரூபாய் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, அது முழு ரூபாயாக்குவதில் வருவது. 400 நாள், 555 நாள் மாதிரி டெபாசிட்டுகளில் முழுக் காலாண்டு போக மிச்ச நாட்களுக்குத் தனியாகக் கணக்கிடுவார்கள், அங்கே கொஞ்சம் மாறும். எங்களுடையது முழுசாக மூன்று வருடம். 14,121 ரூபாய்க்கு அங்கே சாக்கே கிடையாது.

ஆனால் சாக்கு சொன்னார்கள். அந்த வேலூர்க்காரர் மாற்றலாகிப் போய்விட்டார், இப்போது இருப்பவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் “டி.டி.எஸ். பிடிச்சிருப்பாங்க” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஏனென்றால் மொத்த வட்டி 1,34,121-இல் பத்து சதவீதம் 13,412, குறைந்த தொகைக்குப் பக்கத்தில் வருகிறது. பக்கத்தில்தான், அதே தொகை இல்லை. அம்மாவுக்கு 68 வயது. அந்த வருடங்களில் மூத்த குடிமக்களுக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் வட்டி வரை டி.டி.எஸ். கிடையாது, எங்கள் கணக்கில் மூன்றாவது வருடத்தில்கூட வட்டி 48,291-தான் வரும், அந்த வங்கியில் அம்மாவுக்கு வேறு டெபாசிட்டும் இல்லை. வருமான வரித் தளத்தில், பிடித்த வரியையெல்லாம் காட்டும் 26AS அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், இந்த வங்கி பெயரில் ஒரு பைசா பிடித்தம் இல்லை. அதை அச்செடுத்து மேஜையில் வைத்ததும் பேச்சு மாறியது. “மேடம், ரசீதுல 6,20,000-ன்னு போட்டிருக்கே, அதை வாங்கிக்கிட்டீங்களே” என்றார். அப்படியானால் அதே ரசீதில் மேலே போட்டிருக்கும் ‘காலாண்டு கூட்டு வட்டி’ யாருக்காக? அதற்குப் பதில் இல்லை. தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டிருக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள். அடுத்த வாரம் போனால் அந்த மெயிலைப் பார்க்க வேண்டியவர் விடுப்பில்.

கவுன்டரில் இருந்த பெண்தான் மனசு கேட்காமல் மெதுவாகச் சொன்னார்: கணக்கு திறக்கும்போது திட்டக் குறியீட்டில் முதிர்வில் தனி வட்டி என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், மென்பொருள் அதன்படி தொகையைப் போட்டிருக்கிறது, ‘கூட்டு வட்டி’ என்ற வரி ரசீதுப் படிவத்தில் எப்போதும் அச்சாகிற வரி. அதாவது இன்னும் எத்தனை பேர் பீரோவில் இதே மாதிரி ரசீது இருக்கிறதோ, தெரியாது. அவர்கள் தவறுக்கு அம்மா 14,121 ரூபாய் கட்ட வேண்டுமாம்.

எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். போகத்தான் போகிறேன்.

நிறைய எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இப்போது மனசில் இருப்பது இவ்வளவுதான். ரசீதை வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல் முதிர்வுத் தொகையைப் பெருக்கிப் பாருங்கள், தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தி வேறு ரசீது கேளுங்கள். அப்பா அம்மா பீரோவில் இருக்கும் பழைய ரசீதுகளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், முதிர்வதற்கு முன் கண்டுபிடித்தால் வாதாடச் சுலபம். டி.டி.எஸ். என்றால் 26AS பார்க்காமல் நம்பாதீர்கள். முக்கியமாக, முதிர்ந்ததும் ரசீதின் பின்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அசல் ரசீதை அவர்களே வைத்துக்கொள்வார்கள், அதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்திருந்ததால்தான் இன்றைக்குப் புகாரோடு இணைக்க என்னிடம் ஏதாவது இருக்கிறது.