செவ்வந்திக்கல் படத்தைப் பார்த்து ஊர் சொல்வது: ஐந்து வருட அனுபவம்

விற்பனைக்கு வரும் செவ்வந்திக்கல் படங்களைப் பார்த்து, கீழே எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்பே அது எந்த ஊர்க் கல் என்று ஊகித்து ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். ஐந்து வருடமாக இந்தப் பழக்கம். அமெதிஸ்ட் என்று கடைகளில் சொல்லும் அதே ஊதாக் கல்தான். சேகரிக்கத் தொடங்குபவர்கள் முதலில் வாங்குவதும், தவறான ஊர்ப்பெயரோடு வாங்கி ஏமாறுவதும் பெரும்பாலும் இந்தக் கல்லில்தான். இந்த முறை எனக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் ஒரு வருடம் நிறத்தை மட்டுமே நம்பினேன். அடர்ந்த ஊதா என்றால் உருகுவே, வெளிர் ஊதா என்றால் பிரேசில், இன்னும் வெளிறியிருந்தால் மெக்சிகோ. நோட்டில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் தவறுகள்தான் அதிகம். காரணம் பிறகுதான் புரிந்தது. செவ்வந்திக்கல் என்பது குவார்ட்ஸ் என்ற படிகத்தின் ஊதா வகை. குவார்ட்ஸுக்குள் சிறிதளவு இரும்பு இருந்து, சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு காலம் காலமாக அதன் மேல் பட்டால் ஊதா வரும். உலகம் முழுக்க இதே காரணம்தான். அதனால் நிறம் மட்டும் ஊரைச் சொல்லாது. இதில் செல்போன் கேமரா வேறு. கடை விளக்கின் வெளிச்சத்தில் அதே கல் ஒரு படத்தில் நீலம் கலந்தும் இன்னொன்றில் சிவப்பு கலந்தும் வரும்.

இப்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் படத்தில் வேறு எதையாவது பார்க்கிறேன். பிடித்திருக்கும் விரல், கீழே விரித்த வெள்ளைத் தாள், கல்லோடு ஒட்டியிருக்கும் கால்சைட் என்ற வேறு கனிமம், ஓரத்துக் கரும்பாறை. பாறையின் சாம்பல் நிறமே ஊதா பூசியதுபோல் இருந்தால், படத்தின் நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட படத்தில் நிறத்தைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

படிகத்தின் வடிவம் இதைவிட எவ்வளவோ நம்பகமானது. மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் லாஸ் விகாஸ் பகுதியிலிருந்து வரும் கற்களைப் பாருங்கள். ஒல்லியாக, பென்சில்போல் நீண்ட படிகங்கள், கண்ணாடிபோல் தெளிவு, வெளிர் ஊதா. முக்கியமாக, கூர்நுனிக்குக் கீழே ஆறு பக்கப் பட்டை முழுசாகத் தெரியும். பிரேசில், உருகுவே கற்கள் அப்படி இருக்காது. அவை எரிமலைக் குழம்பில் வாயு விட்டுப்போன குழிக்குள் வளர்ந்தவை. குழியின் சுவரெங்கும் படிகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு உள்நோக்கி வளர்வதால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மறைந்துபோய், கூம்பு நுனிகள் மட்டுமே வெளியே தெரியும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்ட பிறகு மெக்சிகோவா, தென் அமெரிக்காவா என்பதில் எனக்குத் தடுமாற்றம் வருவது அரிது.

கனடாவின் தண்டர் பே கற்களுக்கும் தனி அடையாளம் உண்டு: நுனிகளில் செம்பழுப்பு நிறம். படிகம் வளரும் கடைசிக் கட்டத்தில் ஹேமடைட் என்ற இரும்புக் கனிமத்தின் துகள்கள் மேல்தோலுக்குச் சற்று உள்ளே சிக்கிக்கொள்வதால் வருவது. இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். நுனி சிவந்திருக்கிறது என்று தண்டர் பே என எழுதி, வாங்கியும் விட்டேன். வீட்டில் கழுவியபோது சிவப்பு தண்ணீரோடு போய்விட்டது. வெறும் செம்மண் கறை. பிறகு பழைய படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், அதிலேயே தெரிந்திருக்க வேண்டியதுதான். கறை என்றால் படிகங்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் அதிகம் தேங்கி நிற்கும், அது படிந்த முகம் மங்கியிருக்கும். உள்ளே இருக்கும் ஹேமடைட் என்றால் அதற்கு மேலேயே முகம் பளபளவென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அந்தப் பளபளப்பு இருந்தாலும்கூட, சிவப்பு உள்ளடங்கிய ஊதா வேறு இடங்களிலும் கிடைக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓரத்து வரிகள். வெட்டி மெருகேற்றிய துண்டின் விளிம்பை வெளியிலிருந்து உள்நோக்கிப் படிக்க வேண்டும். முதலில் கரும்பாறை, சில கற்களில் அதையொட்டி மெல்லிய பச்சைத் தோல், பிறகு அகேட் என்ற வரிக்கல்லின் சாம்பலோ நீலச்சாம்பலோ ஆன வரிகள், அதன் மேல் நிறமற்ற குவார்ட்ஸ், கடைசியில் ஊதா. இந்த வரிசை தெளிவாக இருந்தால் எரிமலைக் குழியில் வளர்ந்தது என்று துணிந்து சொல்லலாம்.

போன வருடம் வந்த ஒரு படத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன். உள்ளங்கை அளவுத் துண்டு, 'வெராக்ரூஸ், மெக்சிகோ' என்று எழுதி, அதற்கேற்ற விலையும் போட்டிருந்தார்கள். படிகங்கள் சிறியவை, பிடித்திருந்தவரின் நகத்தில் பாதிகூட இல்லை. எங்குமே பக்கப் பட்டை தெரியவில்லை, நுனிகள் மட்டும்தான். விளிம்பில் நீலச்சாம்பலில் மூன்று வரிகள், அதன் மேல் மெல்லிய வெள்ளை அடுக்கு. வெராக்ரூஸ் இல்லை என்பது அரை நிமிடத்தில் முடிவாகிவிட்டது. நிறம் நல்ல அடர்த்தி, பின்னணித் தாளும் வெள்ளையாகவே இருந்ததால் அதை நம்பலாம். அடர்நிறம், பொடிப் படிகம், மெல்லிய அகேட் ஓரம் மூன்றும் சேர்ந்தால் உருகுவேயின் ஆர்ட்டிகாஸ் பக்கம்தான் மனசு போகும்.

அங்கேயே எழுதி முடித்திருப்பேன். பல வருடமாகக் கல் சேர்க்கும் ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டியபோது, "தம்பி, முகத்தைப் பார்த்தே முடிவு பண்ணாதே. முதுகைக் காட்டச் சொல்லு" என்றார். விற்றவரிடம் பின்பக்கப் படம் கேட்டேன். வந்தது. பின்பக்கம் முழுக்க சிமென்ட் பூசி, கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். உடையாமல் இருக்கவும் நிமிர்ந்து நிற்கவும் இப்படிப் பூசுவது சகஜம். ஆனால் பாறை எது, பச்சைத் தோல் இருந்ததா, இயற்கை விளிம்பு எப்படி இருந்தது என்ற மூன்று சாட்சியும் அதற்கு அடியில் போய்விடுகிறது.

சரி, அந்தச் சாட்சி கிடைத்திருந்தால் மட்டும் ஆர்ட்டிகாஸ் என்று அடித்துச் சொல்லியிருக்க முடியுமா? முடியாது. ஆர்ட்டிகாஸும், பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்திலுள்ள அமெதிஸ்தா டோ சுலும் ஒரே பரானா எரிமலைப் பாறைப் பரப்பின் மேல் இருப்பவை. ஏறத்தாழ 13 கோடி வருடங்களுக்கு முன் வழிந்த குழம்பு அது. இன்றைய நாட்டு எல்லை அதன் மேல் பிறகு போட்ட கோடு. பிரேசில் பக்கத்திலும் அடர்ந்த ஊதா உண்டு, உருகுவே பக்கத்திலும் வெளிறியது உண்டு. ஒரு பெட்டி நிறையக் கற்களைக் காட்டினால் எந்தப் பக்கம் என்று சாய்வு சொல்லலாம், ஒற்றைக் கல்லில் அது கடினம். படத்தை வைத்து இந்த இரண்டையும் உறுதியாகப் பிரிப்பதாகச் சொல்பவரிடம் நான் வாங்குவதில்லை.

இவ்வளவையும் விற்றவரிடம் பொறுமையாக எழுதி அனுப்பினேன். தனக்கு அது பிரேசில் மொத்த வியாபாரி வழியாக வந்தது என்றும், மெக்சிகோ என்பது யாரோ சொன்னதை எழுதியது என்றும் ஒத்துக்கொண்டு விலையைக் குறைத்தார். கல் இப்போது என் மேஜையில் இருக்கிறது. அதன் சீட்டில் எழுதியிருப்பது இதுதான்: "தென் அமெரிக்கா, பரானா எரிமலைப் பாறை. ஆர்ட்டிகாஸாக இருக்கலாம். படம், வடிவம், வரி பார்த்து ஊகித்தது. முதுகு பூசப்பட்டுள்ளது."