பெரிய வீடியோவை மின்னஞ்சலுக்காகத் துண்டாக்குதல்: பைட் கணக்கா, நேரக் கணக்கா?

20 நிமிடம் ஓடும் 170 மெகாபைட் வீடியோ ஒன்றைச் சமமான அளவுள்ள துண்டுகளாக்கி, 25 மெகாபைட் வரம்புள்ள மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 170-ஐ 25-ஆல் வகுத்து ஏழு துண்டு போதும் என்று முடிவெடுப்பவர்களின் மடல் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இணைப்புகள் பேஸ்64 குறியீட்டில் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன. அப்போது அளவு ஏறத்தாழ 37 விழுக்காடு கூடுகிறது. பல சர்வர்கள் வரம்பை இந்தப் பெருத்த அளவுக்கே பார்ப்பதால், ஒரு துண்டு 18 மெகாபைட்டைத் தாண்டாதிருப்பதே பாதுகாப்பு. ஆகவே நமக்குப் பத்துத் துண்டுகள் தேவை.

முதல் வழி, கோப்பை பைட் கணக்கில் வெட்டுவது. லினக்ஸில் இதற்கு ஒரு வரி போதும்:

```
split -n 10 -d video.mp4 part.
```

ஒவ்வொரு துண்டும் மிகச் சரியாக 17 மெகாபைட் இருக்கும். சமமான அளவு என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துவது இந்த வழி ஒன்றுதான். ஆனால் எந்தத் துண்டும் தனியாக ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒரே இடத்தில், பெரும்பாலும் கோப்பின் கடைசியில், இருப்பதே காரணம். பெறுபவர் பத்தையும் இறக்கி, `cat part.* > video.mp4` என்று ஒட்டியாக வேண்டும். ஒன்று தவறினாலும் முழு வீடியோவும் திறக்காமல் போகலாம். ஒட்டியது அசலேதானா என்பதை இரு பக்கமும் `sha256sum` எடுத்து ஒப்பிட்டு அறியலாம்.

இரண்டாவது வழி, நேரக் கணக்கில் வெட்டுவது:

```
ffmpeg -i video.mp4 -map 0 -c copy -f segment -segment_time 120 -reset_timestamps 1 part%02d.mp4
```

மறுகுறியாக்கம் இல்லாததால் தரம் சிறிதும் குறையாது, ஒவ்வொரு துண்டும் தானே ஓடும். ஆனால் சமமாக இருப்பது நேரமே தவிர அளவு அல்ல. ஒருவர் அசையாமல் அமர்ந்து பேசும் இரண்டு நிமிடம் 11 மெகாபைட்டில் அடங்கும்போது, கூட்டம் நகரும் இரண்டு நிமிடம் 22 மெகாபைட்டைத் தொட்டு வரம்பை மீறலாம். நேரமும்கூட அச்சு அசலாக 120 நொடி இராது. முழுப் படமாகப் பதிவான கீஃப்ரேம் வரும் இடத்தில்தான் வெட்டு விழும் என்பதால், திரைப் பதிவுகளில் சில நொடிகள் தள்ளிப்போவது இயல்பு.

இதற்காக முழு வீடியோவையும் மறுகுறியாக்கம் செய்து பிட்ரேட்டைச் சமன்படுத்துவோர் உண்டு. நேரமும் தரமும் வீணாகும் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். `segment_time` மதிப்பை 90 ஆகக் குறைத்தால் துண்டுகள் 14 ஆகும். அந்த 22 மெகாபைட் பகுதியும் ஏறத்தாழ 16.5 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். நான்கு மடல் கூடுதலாக அனுப்புவது அவ்வளவு பெரிய சுமையன்று.

பெறுபவர் கைப்பேசியில் பார்க்கப்போகிறவர் என்றால் நேரக் கணக்கையே தேர்ந்தெடுப்பேன். சான்றாக வைக்க வேண்டிய பதிவு, ஒரு பைட்டும் மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்றால் மட்டுமே பைட் கணக்கு. அப்போதும் ஒட்டும் கட்டளையை முதல் மடலிலேயே எழுதி அனுப்பிவிடுவேன்.