விடியற்காலையா, சாயங்காலமா: ஒரே நாளின் இரண்டு காற்றுத்தர அட்டவணைகள்

போன ஜனவரியில் அத்தான் வாட்ஸ்அப்பில் இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். இரண்டும் ஒரே நாளின் மணிவாரி ஏ.க்யூ.ஐ., அதாவது காற்றுத்தரக் குறியீட்டு அட்டவணை. ஒன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் எடுத்தது, இன்னொன்று அவர் போனிலேயே இருந்த வானிலைச் செயலி. கீழே ஒரு குரல் பதிவு: "ஏ மாப்ள, ஒண்ணு நாள் பூரா நல்லாருக்குங்கு, இன்னொண்ணு காலையில வெளிய போவாதங்கு. எதை நம்பிப் போவ?"

அத்தான் ஓய்வுபெற்ற வாத்தியார். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு விடியற்காலையில் போய் வேக நடையும் கொஞ்சம் ஓட்டமுமாக முக்கால் மணி நேரம் சுற்றுவார். அவருடைய கேள்விக்காக இரண்டு படங்களிலிருந்தும் சில வரிசைகளை மட்டும் எடுத்து எழுதினேன். கடைசிப் பத்தி, வானிலைச் செயலியில் அந்தந்த மணியைத் தொட்டால் வரும் பிஎம் 2.5 என்ற நுண்துகளின் அளவு, ஒரு கன மீட்டருக்கு மைக்ரோகிராமில்.

| மணி | சமீர் | வானிலைச் செயலி | பிஎம் 2.5 |
|---|---|---|---|
| காலை 5 | 65 | 154 | 60 |
| காலை 6 | 64 | 157 | 64 |
| காலை 8 | 64 | 122 | 44 |
| மாலை 4 | 63 | 67 | 18 |
| மாலை 5 | 64 | 75 | 22 |
| இரவு 7 | 65 | 117 | 42 |

சமீரைப் பார்த்து அத்தான் ஆறு மணியைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஐந்தைவிட ஒரு எண் குறைகிறதே என்பது அவர் கணக்கு. ஆனால் அன்றைக்கு நாள் முழுவதிலும் காற்று மிக மோசமாக இருந்தது அந்த ஆறு மணிக்குத்தான்.

இப்படி ஏமாறுவதற்குக் காரணம் இந்தியக் குறியீடு கணக்கிடப்படும் விதம். நுண்துகளைப் பொறுத்தவரை அது கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. காலை ஆறு மணி வரிசையில் இருக்கும் 64 ஆறு மணிக் காற்றைச் சொல்வதில்லை. முந்தின நாள் காலையிலிருந்து அன்று காலை வரை வீசிய காற்று மொத்தமும் அதில் கலந்திருக்கிறது. அடுத்த மணிக்கு என்ன நடக்கிறது? புதிதாக ஒரு மணி உள்ளே வருகிறது, நேற்றைய அதே மணி வெளியே போகிறது. ஆகவே எண் குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்றைய ஆறு மணி, நேற்றைய ஆறு மணியைவிடத் தேவலை. ஐந்து மணியைவிடத் தேவலை என்று அது சொல்லவே இல்லை.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். 51 முதல் 100 வரையிலான பட்டையில் குறியீடு ஒரு எண் நகர, சராசரி சுமார் 0.6 மைக்ரோகிராம் நகர வேண்டும். அதை 24-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 14 வரும். அன்று ஆறு மணிக்கு 64 மைக்ரோகிராம் என்றால், நேற்று அதே நேரம் 78 பக்கம் இருந்திருக்கிறது. அவ்வளவு மோசமான ஒரு மணி கணக்கை விட்டுப் போனதால்தான் எண் இறங்கியது. இரண்டு நாளும் ஒரே மாதிரி இருந்திருந்தால் சமீர் பத்தி முழுக்க 65, 65 என்று ஒரே எண்ணாகத்தான் நின்றிருக்கும். ஊரின் காற்று இந்த வாரம் எப்படி என்று தெரிந்துகொள்ள அது நல்ல அளவுகோல். எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

வானிலைச் செயலியின் படம் அமெரிக்க அளவுகோலில் இருந்தது. `US AQI` என்று மூலையில் சின்னதாகப் போட்டிருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவர்கள் வழக்கமாக வெட்டிவிடுவதும் அந்த மூலையைத்தான். வெட்டியிருந்தால் நிறத்தைப் பாருங்கள். 65 என்ற எண் இளம்பச்சையில் இருந்தால் இந்தியக் கணக்கு, மஞ்சளில் இருந்தால் அமெரிக்கக் கணக்கு. வரிசைக்கு வரிசை ஒன்றிரண்டு எண் மட்டுமே நகர்ந்தால் அது 24 மணிச் சராசரி. இருபது முப்பது எனத் தாவினால் மணிக் கணக்கு. அமெரிக்க அளவுகோல் கறாரானது. 2024-இல் அதன் முதல் படியை 9 மைக்ரோகிராமோடு நிறுத்திவிட்டார்கள், நம் குறியீட்டில் அது 30 வரை போகிறது. அதனால் 157 என்ற சிவப்பைப் பார்த்து, சமீரின் 64-ஐவிட இரண்டரை மடங்கு மோசம் என்று எண்ண வேண்டாம். இரண்டு படங்களின் எண்களையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடவே கூடாது.

ஆனால் ஒரே அளவுகோலுக்குள் காலை ஆறையும் மாலை நாலையும் ஒப்பிடலாம். மைக்ரோகிராமில் பார்த்தால் 64-க்கு 18, மூன்றரை மடங்கு. ஓடும்போது சும்மா இருப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம், அதுவும் வாய் வழியாக. அதே முக்கால் மணி ஓட்டத்துக்கு நுரையீரல் வாங்கும் தூசியும் அந்த மூன்றரை மடங்குதான்.

விடியற்காலைக் காற்று சுத்தம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு இது உறைப்பதில்லை. மார்கழி, தை இரவில் தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றுக்கு அடியில் மூடி போட்டது போலக் கிடக்கும். அதற்குள் அடுப்புப் புகை, தெருவில் குப்பை கொளுத்துகிற புகை, லாரிப் புகை எல்லாம் சேரும். தாமிரபரணிக் கரையில் விடியும்போது வயல் மேல் புகை படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் அந்த மூடி. ஜனவரியில் இங்கே சூரியன் வரவே 6.40 ஆகிவிடும். தரை சூடேறி மூடி திறக்க அதற்குமேல் ஒன்றரை, இரண்டு மணி நேரம். அட்டவணையில் எட்டு மணிக்கு 44 என இறங்குவது அந்தத் திறப்புதான். இருட்டிய பிறகு மூடி மறுபடி விழுகிறது, வண்டிகளும் அடுப்புகளும் அதே நேரம் சேர்கின்றன. ஏழு மணிக்கு 42 ஆனது அப்படி.

ஆகவே அந்த நாளுக்கு என் தேர்வு மாலை 4.30 முதல் 5.45 வரை. காலையிலேதான் முடியும் என்பவர்கள் 8.30-க்குப் பிறகு போகலாம். ஆஸ்துமா, இதய நோய் இருப்பவர்கள் பனிமூட்டம் கவிந்த காலையில் வெளியே ஓட வேண்டாம் என்றே சொல்வேன்.

மே மாதப் படத்துக்கு இதே பதில் பொருந்தாது. அப்போது நாலு மணி வெயில்தான் பெரிய ஆபத்து, ஓசோனும் மதியத்தில்தான் உச்சத்துக்குப் போகும். சீக்கிரம் விடிவதால் மூடியும் சீக்கிரம் திறக்கும். ஆறரை, ஏழு மணியே போதும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் நாட்களில் நுண்துகள் நாள் முழுக்கக் குறைவாக இருக்கும், ஆனால் மதியம் புழுதி கிளம்பி பிஎம் 10 என்ற கொஞ்சம் பெரிய துகள் ஏறும். பிஎம் 2.5 பத்தியை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

இன்னொன்றும் உண்டு. போன் செயலி காட்டுவது பெரும்பாலும் கணினி மாதிரியின் மதிப்பீடு, பல கிலோமீட்டர் பரப்புக்கு ஒரே எண். மைதானத்துக்குப் பின்னால் யாரோ கொளுத்தும் சருகு அதில் வராது. எண்ணை விட்டுவிட்டு, எந்த மணியில் ஏறுகிறது, எந்த மணியில் இறங்குகிறது என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கியை மூக்கு சொல்லும்.

அத்தானுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரவங்க எல்லாம் வேற செட்டுடே, நமக்குப் பேச்சுத்துணைக்கு ஆளு கிடையாது" என்றார். இப்போது எட்டரைக்குப் போகிறார். அவருடைய செட்டில் இரண்டு பேர் கூடவே மாறிவிட்டார்கள்.