டை அடித்த தலையில் நெடியா, நாற்றமா? வினிகர், ஆப்ப சோடா, ஷாம்பு: எது எதற்கு

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே டை அடித்துக்கொண்டேன். அலசப் போகும்போது மேல் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பக்கெட்டில் மிச்சம் இருந்த நாலைந்து மக்கோடு முடித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் மூக்கில் சுருக்கென்று ஏறியது. காய்ந்திருந்த உச்சி முடியில் ஒன்றும் தெரியவில்லை. வியர்த்து நனைந்திருந்த பிடரியில் மட்டும்தான்.

அதே வாரம் அக்கா மகள் போன் செய்தாள். அவளுக்கும் தலையில் வாடை. கறுப்பு டை பிடிக்கவில்லை என்று நிறம் நீக்கும் மருந்து ஒன்றைப் போட்டிருக்கிறாள். அதன் பிறகு தலை நனைந்தாலே கூமுட்டை உடைத்த மாதிரி இருக்கிறதாம். எனக்கு வினிகர் கேட்டது என்று அவளுக்கும் அதையே சொன்னேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். “சித்தி, ஊத்தினதும் இன்னும் மோசமாயிடுச்சு.”

தப்பு என்னுடையதுதான். எனக்கு இருந்தது நெடி, அவளுக்கு இருந்தது நாற்றம். அமோனியா நெடி மூக்கைக் குத்தும், கண்ணைக் கரிக்கும். கந்தக நாற்றம் குத்தாது, குமட்டும். வேதியியலில் இவை இரண்டும் எதிர் எதிர் பக்கம். முன்னது காரம், பின்னது பெரும்பாலும் லேசான அமில இயல்புள்ள சேர்மங்கள். அதனால் ஒன்றை அடக்குவது மற்றொன்றைக் கிளப்பிவிடலாம். எந்த வைத்தியம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் எந்த வாடை என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் நெடியை எடுத்துக்கொள்வோம். நிரந்தர டையில் இரண்டு பொருள் உண்டு. டியூபில் இருக்கும் க்ரீமில் அமோனியாவோ அதன் உறவுக்காரச் சேர்மமோ இருக்கும். அது முடியின் மேல்தோல் செதில்களை உப்பவைத்து வழிவிடும். டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போய் நிறத்தை உருவாக்கும். அமோனியாவில் பெரும்பகுதி தலையில் இருக்கும்போதே பறந்துவிடும். சரியாக அலசாவிட்டால் மிச்சம் முடிக்குள்ளும், க்ரீம் ஒட்டிக்கொண்ட இடங்களிலும் தங்கும். காய்ந்திருக்கும்போது சும்மா இருக்கும். தண்ணீரோ வியர்வையோ பட்டு முடி ஊறினால், கூடவே சூடும் சேர்ந்தால், மறுபடி வெளியே வரும். பிடரியும் காதின் பின்புறமும் எப்போதும் முதலில் மாட்டுவது, குனிந்து அலசும்போது தண்ணீர் அங்கே சரியாகப் போகாததால்தான்.

காரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க மஞ்சள் போதும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லாருக்கும் தெரியும், இதுவும் அதே வேலைதான். மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் தடவிக் காயவைத்தேன். முதலில் ஒரு மூலையில் வெறும் குழாய்த் தண்ணீரை ஒரு சொட்டு விட்டேன். போர் தண்ணீரே லேசாகக் காரமாக இருந்தால் அதுவும் சிவக்கும், அதனால் இந்தச் சொட்டு கட்டாயம். பிறகு பிடரியில் ஒரு கற்றையை நனைத்துப் பிழிந்து அந்தத் தண்ணீரைப் பக்கத்தில் விட்டேன். முதல் சொட்டு மஞ்சளாகவே இருந்தது, இரண்டாவது செங்கல் நிறத்துக்குப் போனது. முடியிலிருந்து டை இன்னும் வடிந்துகொண்டிருந்தால் இந்தச் சோதனை குழப்பும், தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தாலும் சிவக்கும்.

அப்புறம் கொஞ்சம் விளையாடிப் பார்த்தேன். நடுவகிடு எடுத்து, இடப்பக்கத்துக்கு வினிகர், வலப்பக்கத்துக்கு ஆப்ப சோடா. நாற்றம் என்றாலே சோடா போடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் வேலை செய்கிறதே என்ற நினைப்பு. ஒரு மக் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சோடா கலந்து ஊற்றிய நொடியில் வலப்பக்கம் முன்பைவிட அதிகமாகக் குத்தியது. காரணம் எளிது. சோடாவும் காரம். முடியில் உப்பு வடிவில் பிடிபட்டிருந்த அமோனியத்தில் ஒரு பகுதியைக் காரம் வாயுவாக மாற்றி அனுப்பிவிடும். கூடவே செதில்களைத் திறந்து நிறத்தையும் இளக்கும். டை அடித்த தலைக்கு ஆப்ப சோடா வேண்டாம் என்பது என் முடிவு.

வினிகர் செய்வது இதற்கு நேர் எதிர். அமிலம் அமோனியாவைப் பிடித்து அமோனிய உப்பாக்குகிறது. உப்பு பறக்காது, தண்ணீரில் கரையும், அலசினால் போய்விடும். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 4 சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மேஜைக்கரண்டி போதும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் நாலைந்து நிமிடம் அலசி, ஷாம்பு போட்டு, இன்னொரு முறை ஷாம்பு போட்டு அலசிவிட வேண்டும். பிறகுதான் வினிகர்த் தண்ணீர். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணில் படாமல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, நன்றாக அலசி, கண்டிஷனர். வினிகர் வாசனை முடி காய்ந்ததும் போய்விடுகிறது. நான் இதை ஞாயிறன்று இன்னொரு முறை செய்தேன், அதோடு சரி. தினமும் செய்யத் தேவையில்லை, தோல் வறண்டுவிடும். மண்டையில் சிராய்ப்போ புண்ணோ இருந்தால் எரியும், ஆறும்வரை வெறும் தண்ணீரும் மென்மையான ஷாம்புவும்தான்.

வினிகர் இல்லாத வீட்டில் எலுமிச்சை இருக்கும். வேலை அதேதான். ஆனால் சாறு வினிகரைவிடக் கடுமையான அமிலம், அளவும் பழத்துக்குப் பழம் மாறும். ஒரு லிட்டருக்கு அரைமூடி பிழிந்து வடிகட்டினால் போதும். நன்றாக அலசாமல் வெயிலில் போனால் நிறம் வெளிறும். மோரும் அமிலம்தான், லேசானது. ஆனால் நெடியை எடுத்துவிட்டுப் புளித்த வாடையை வைத்துவிட்டுப் போகும். மோர் ஊற்றிய தலையை அலசி முடிப்பதற்குள் வினிகர்க்காரர் தலை துவட்டிவிடுவார்.

அமோனியா இல்லாத டை என்று வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. அவற்றில் பலவற்றில் அமோனியாவுக்குப் பதில் எத்தனாலமீன் என்ற காரம் இருக்கும். எளிதில் ஆவியாகாது, அதனால் போடும்போது மூக்கைக் குத்தாது. ஆவியாகாத அதே காரணத்தால் தானாகப் போகவும் போகாது, தண்ணீர்தான் கொண்டுபோக வேண்டும். அலசல் குறைந்தால் அமோனியா டையைவிட இதில்தான் காரம் நீண்ட நாள் தங்கும். இதற்கும் வினிகர் அலசல் பொருந்தும்.

இனி அக்கா மகள் கதை. முடியின் புரதமான கெரட்டினில் கந்தகம் நிறைய உண்டு, முடி எரிந்தால் வரும் நாற்றத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் வெறும் டை மட்டும் போட்ட தலையில் நாட்கணக்கில் கூமுட்டை நாற்றம் வருவது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் வேறு ஒன்று கூடச் சேர்ந்திருக்கும். முடியை நேராக்கும் ரீபாண்டிங் க்ரீமிலும் சுருட்டும் மருந்திலும் தயோகிளைகாலேட் என்ற கந்தகச் சேர்மம் இருக்கும். நிறம் நீக்கும் மருந்துகள் பலவற்றிலும் கந்தகம் கொண்ட சேர்மங்களே வேலை செய்கின்றன. அவை டையின் பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சின்னதாக்கும், சின்னதானவற்றைத் தண்ணீர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். அவள் அலசியது ஐந்து நிமிடமாம். அட்டையில் போட்டிருந்தது அதைவிட அதிகம். அதனால் நாற்றமும் தங்கியது, இரண்டு நாளில் நிறமும் காற்று பட்டுப் பாதி திரும்பி வந்தது.

அந்த மிச்சத்தில் வினிகரை ஊற்றினால் அமிலம் கந்தகச் சேர்மங்களை வாயுவாக வெளியே தள்ளும். “மோசமாயிடுச்சு” என்றது அதைத்தான். சோடா இங்கே ஓரளவு அடக்கலாம், ஆனால் நிறத்துக்கும் முடிக்கும் செய்யும் கெடுதல் அப்படியேதான் இருக்கிறது.

இணையத்தில் இன்னொரு குறிப்பு உலவுகிறது: ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆப்ப சோடா, பாத்திரம் கழுவும் திரவம். அமெரிக்காவில் ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சிய நாயைக் குளிப்பாட்ட, 1993-ல் பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் சொன்ன கலவை அது. கந்தகச் சேர்மத்தை ஆக்சிஜனேற்றி நாற்றத்தைக் கொல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெராக்சைடும் காரமும் சேர்ந்தால் அது ப்ளீச். நிறம் நீக்கிய தலையில் போட்டால் உள்ளே மிச்சம் இருக்கும் டை மறுபடி கறுக்கவும் செய்யும். நாய்க்கு அந்தக் கவலை இல்லை.

கடைசியில் அவளுக்குக் கேட்டது அலுப்பான வழிதான். ஆழமாகச் சுத்தம் செய்யும் கிளாரிஃபையிங் ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நுரையை மூன்று நிமிடம் விட்டு நீண்ட அலசல், அதையே மறுபடி ஒருமுறை, பிறகு கண்டிஷனர். இரண்டு நாளுக்கு ஒருமுறை என நாலு குளியலில் நாற்றம் மூக்கை முடியில் வைத்தால்தான் தெரியும் அளவுக்கு வந்தது. இந்த ஷாம்பு புது டையையும் கொஞ்சம் உரிக்கும். அதனால் எனக்கு வந்த மாதிரி வெறும் நெடிக்கு இதை எடுக்கமாட்டேன். ரீபாண்டிங் செய்த இடத்து நாற்றம் என்றால் வீட்டில் எதையும் போடுவதற்கு முன் செய்தவரிடமே காட்டுவது நல்லது. நேராக்கிய முடியை மறுபடி இறுக்கும் நியூட்ரலைசர் மருந்தைச் சரியாகப் போடாமல் விட்டிருந்தால், வாடையைவிட முடி உடைவதுதான் பெரிய கவலை.

தேங்காயெண்ணெய், சென்ட், காபித்தூள் எல்லாம் மூடி வைப்பவை. அடுத்த முறை நனையும்வரை தாங்கும்.

இத்தனைக்கும் நடுவில் டைக்குச் சம்பந்தமே இல்லாத கூமுட்டை ஒன்றும் உண்டு. குளிக்கும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து முகர்ந்து பாருங்கள். சில போர் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். சுடுதண்ணீர் மட்டும் நாறினால் கீஸர் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும். பொடுகுக்குப் போடும் செலீனியம் சல்ஃபைடு ஷாம்புவுக்கும் இதே வாடை உண்டு, அது டையையும் வெளிறவைக்கும். மண்டையில் நீர் கசிந்து, அரித்து, கண் இமை வீங்கினால் அது டை ஒவ்வாமை, வினிகரை ஓரமாக வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

எனக்கு எல்லாம் முடிந்து தலை சுத்தமான பிறகும் அடுத்த புதன்கிழமை ஆபீஸ் வாசலில் அதே நெடி. தலையை முகர்ந்தால் ஒன்றுமில்லை. ஹெல்மெட்டுக்குள் மூக்கை விட்டதும் புரிந்தது. உள்பஞ்சைக் கழற்றி, ஒரு மக் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டு ஊறவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டேன். தலையணை உறையும் கூடவே போனது.