கடன் தவணையை எப்படிப் பதிவது: பரந்தன் அரிசி ஆலை ஒன்றின் கணக்கை வைத்து ஓர் அலசல்

"மாசாமாசம் 33,214 ரூபா வங்கிக்குப் போகுதுதானே தம்பி, எல்லாம் செலவுதான். அப்படியே எழுது." பரந்தனில் அரிசி ஆலை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் போன வருடம் இப்படித்தான் சொன்னார். வன்னியில் நான் கணக்கெழுதும் இடங்களில் பாதிப்பேர் இதையே சொல்கிறார்கள்.

அவருடைய கடனை வட்டத் தொகையில் வைத்துக்கொள்வோம். நெல் குற்றும் இயந்திரத்துக்கு 1,000,000 ரூபா. ஆண்டு வட்டி 12 சதவீதம், குறையும் மீதியின் மேல். 36 மாதம், ஏப்ரலில் தொடக்கம், ஒவ்வொரு மாத முடிவிலும் 33,214 ரூபா தவணை. முதல் மாத வட்டி 10,000, மிச்சம் 23,214 கடன் முதலிலிருந்து கழியும். அடுத்த மாதம் மீதி 976,786தான் என்பதால் வட்டி 9,768 ஆக இறங்கும், முதலுக்கு 23,446 போகும். தவணை மாறாது, உள்ளே இருக்கும் பங்குதான் மாதாமாதம் மாறும்.

அண்ணை சொன்னபடி முழுவதையும் செலவில் போட்டால், முதல் வருடச் செலவு 398,572 ஆகும். உண்மையான வட்டி 104,156தான். மீதி 294,416 ரூபா கடனைக் குறைத்த காசு. அது செலவே அல்ல. இயந்திரத்துக்கு ஏற்கனவே தேய்மானம் எழுதுகிறோம். கடன் முதலையும் செலவாக எழுதினால் ஒரே இயந்திரத்தின் விலையை இரண்டு தரம் இலாபத்திலிருந்து கழித்தவர்களாவோம். வருமான வரிக் கணக்கிலும் முதலைக் கழிக்க முடியாது. அதோடு ஐந்தொகையில் கடன் 1,000,000 என்றே அசையாமல் நிற்கும்.

இரண்டாவது வழி, மொத்த வட்டியான 195,715ஐ 36ஆல் பிரித்து மாதம் 5,437 என்று எழுதுவது. அதிகம் ஏமாற்றுவது இதுதான், மூன்று வருடம் முடிந்ததும் கூட்டுத்தொகை சரியாக வந்துவிடுகிறது. ஆனால் முதல் வருடத்தில் 65,238தான் வட்டி என்று காட்டும், உண்மையைவிட 38,918 குறைவு. இலாபம் அந்த அளவுக்குப் பெருத்துத் தெரியும், பின்வருடங்களில் அதே அளவு இளைக்கும். அந்த முதல் வருட இலாபத்தைப் பார்த்து வீட்டுக்குக் காசு எடுத்த ஆலைக்காரரை எனக்குத் தெரியும். நெல் கொள்முதல் நேரத்தில் கையில் காசில்லாமல் தவித்தார்.

மூன்றாவது வழி, தவணை முழுவதையும் கடன் கணக்கில் வரவு வைத்துவிட்டு, மார்ச் 31இல் ஒரே பதிவில் திருத்துவது. வங்கிக்கூற்று கைக்கு வரத் தாமதமாகும் சிறு கடைகளுக்கு இது தவறல்ல. 12 தவணைக்குப் பிறகு பேரேட்டில் கடன் மீதி 601,428 என்றிருக்கும், வங்கி தரும் உறுதிக் கடிதத்தில் 705,584 இருக்கும். வித்தியாசம் 104,156, அதுதான் வருட வட்டி. வட்டிச் செலவை வரவு வைத்து, கடன் கணக்கைச் செலவு வைத்தால் வேலை முடிந்தது. தாமதக் கட்டணமும் அந்த வித்தியாசத்துக்குள் கலந்திருக்கலாம், அதை வேறாக எடுக்கவேண்டும். இன்னொன்று, வருட நடுவில் யாரும் இலாபம் கேட்டால் இந்தப் புத்தகத்தால் சொல்ல முடியாது.

நான் தேர்வது, தவணையை மாதாமாதம் வட்டி, முதல் என்று பிரிப்பது. எக்செல் இருந்தால் முதல் மாத வட்டியும் முதல் வருட வட்டியும் இப்படி வரும்:

```
=IPMT(12%/12,1,36,-1000000)
=-CUMIPMT(12%/12,36,1000000,1,12,0)
```

ஆனால் இப்படிக் கணக்கிட்டுப் போடும் தவணை அட்டவணையை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவது வங்கிக்கூற்றின் தொகையாக இருக்கட்டும். நாட்கணக்கில் வட்டி போடும் வங்கி 30 நாள் ஏப்ரலுக்கு 10,000 போடாது, 9,863 போடும். தவணை பிந்தினால் வித்தியாசம் இன்னும் கூடும். பெரும்போக அறுவடைக் காசு வரும்வரை தவணையைத் தள்ளுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிந்திய நாட்களுக்கும் வட்டி ஏறுகிறது, ஆகவே அடுத்த தவணையில் முதலுக்குப் போகும் பங்கு சுருங்குகிறது. அட்டவணையை அப்படியே நம்பி எழுதியவரின் பேரேட்டில் கடன் வங்கி சொல்வதைவிடக் குறைவாக நிற்கும். ஒவ்வொரு மாத முடிவிலும் பேரேட்டு மீதியையும் வங்கி மீதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிழை அந்த மாதத்திலேயே பிடிபடும்.

தவணை மாத முடிவில் இல்லாமல் 15ஆம் திகதி என்றால், மார்ச் 15இலிருந்து 31 வரையான 16 நாள் வட்டியை இன்னும் கட்டாவிட்டாலும் அந்த வருடத்திலேயே சேர்க்கவேண்டும். மீதி 705,584 என்றால் அது ஏறத்தாழ 3,700 ரூபா. அண்ணையின் தவணை மாத முடிவில் என்பதால் அவருக்கு அந்த வேலை இல்லை. அவருக்கு இந்த வருடம் நான் செய்தது, வட்டிக்கும் முதலுக்கும் இரண்டு நிரல் போட்டு, ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு தவணையையும் திரும்ப எழுதியதுதான்.