மணிக்கட்டணம்: சம்பளத்தை வகுப்பதா, விற்பனையாகும் மணியிலிருந்து கணக்கிடுவதா?

வேலையை விட்டுச் சொந்தமாக மென்பொருள் எழுதத் தொடங்குபவர்கள் மணிக்கட்டணத்தை மூன்று வழிகளில் கணக்கிடுகிறார்கள். பழைய சம்பளத்தை வேலை மணிகளால் வகுப்பது முதல் வழி, அந்தத் தொகையை இரட்டிப்பது இரண்டாம் வழி, ஆண்டுக்குத் தேவையான தொகையை உண்மையில் விற்பனையாகும் மணிகளால் வகுப்பது மூன்றாம் வழி. நான் மூன்றாவதைத்தான் பின்பற்றுகிறேன். ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

மதுரை இலந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் மாதம் 60,000 ரூபாய் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 22 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 341 ரூபாய் வருகிறது. இதன் குறையை நீட்டி விளக்கத் தேவையில்லை: விடுப்பு நாளுக்கும் சம்பளம் உண்டு என்பதை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது.

மூன்றாம் வழி முதலில் தேவையைக் கூட்டுகிறது. ஆண்டுச் சம்பளம் 7,20,000. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், நிறுவனம் தன் பங்காகச் செலுத்திய வருங்கால வைப்பு நிதி 12 விழுக்காட்டுக் கணக்கில் 43,200. ஆண்டுக்குப் பதினைந்து நாள் அடிப்படைச் சம்பளம் என்ற பணிக்கொடை, மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், ஏறத்தாழ 17,300. குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 24,500 என்று வைத்துக்கொள்ளலாம். கணினித் தேய்மானம், இணையம், இன்வெர்ட்டர், கணக்கர் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,15,000. மொத்தம் 9,20,000.

வரியைப் பற்றித்தான் பலரும் முதலில் அஞ்சுகிறார்கள். இந்த வருமான அளவில் அது தீர்மானிக்கும் காரணி அன்று. 2025-26 நிதியாண்டுக்குத் தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்பவர் வருமான வரிச் சட்டத்தின் 44ADA பிரிவின்படி மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். 9,20,000-இல் பாதியான 4,60,000 அந்த ஆண்டின் புதிய வரிமுறையில் தள்ளுபடிக்குள் அடங்கிவிடும், பழைய சம்பளத்துக்கும் வரி வந்திராது. ஆனால் நிறுவன வாடிக்கையாளர்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 விழுக்காட்டை டி.டி.எஸ். ஆகப் பிடித்துக்கொண்டே தருவார்கள். கணக்குத் தாக்கல் செய்து அது திரும்பி வரும்வரை தாங்குவதற்குக் கையிருப்பு வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவும் பொதுவாகத் தேவைப்படாது. மொழிபெயர்ப்பாளர் போன்றோர் 44ADA பட்டியலில் இல்லை என்பதால், அவர்கள் வரியைத் தனியாகக் கணக்கிட்டுத் தேவையோடு கூட்ட வேண்டும்.

உண்மையான தீர்ப்பு வகுக்கும் எண்ணில் இருக்கிறது. 52 வாரங்களில் பொங்கல், சித்திரைத் திருவிழா, தீபாவளி முதலான விடுமுறைகளுக்கு இரண்டு வாரம், சொந்த விடுப்புக்கு மூன்று, உடல்நலக் குறைவுக்கு ஒன்று, வேலையே வராத வாரங்கள் ஆறு என்று கழித்தால் 40 எஞ்சும். அந்த வாரங்களிலும் மேசையில் அமரும் 40 மணியும் விற்பனையாவதில்லை; விலைப்புள்ளி எழுதுவது, தொலைபேசியில் விளக்குவது, பில் அனுப்புவது, நிலுவையைக் கேட்டு அலைவது ஆகியவற்றுக்குப் போக 25 மணிக்குத்தான் பணம் வரும். ஆக 1,000 மணி. கட்டணம் 920 ரூபாய்.

இந்த 25 என்ற எண்ணில்தான் கவனம் வேண்டும். வேலையில்லா வாரங்கள் மேலும் இரண்டு கூடினால் கட்டணம் 968 ஆக உயர வேண்டும்; விற்பனையாகும் நேரம் வாரத்துக்கு மூன்று மணி குறைந்தாலோ 1,045 ஆக உயர வேண்டும். விடுப்பைக் கவலையோடு எண்ணுபவர்கள், நாளுக்கு அரை மணிக்குச் சற்றே கூடுதலாகக் கசிவதை எண்ணுவதில்லை. சில வாரங்களுக்கு நேரத்தைக் குறித்துவைத்து, பில்லில் ஏறிய மணிகளை மேசையில் கழிந்த மணிகளால் வகுத்துப் பார்த்தால் அவரவர் விகிதம் தெரியும். என் அனுபவம் உள்ளூர்க் கடைகளுக்கான மென்பொருளோடு நின்றுவிடுவதால், மற்றத் தொழில்களுக்கும் 25 பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதே 1,000 மணியை 341 ரூபாய்க்கு விற்றால், தொழிற்செலவு போக மாதம் 19,000 கூட மிஞ்சாது. இரட்டித்த கட்டணமான 682 மோசமில்லை. ஆனால் தேவையை எட்ட ஆண்டுக்கு ஏறத்தாழ 1,350 மணி விற்க வேண்டும். ஒரே நிறுவனம் வாரம் முப்பது மணிக்கு மேல் நிலையாக வேலை தருமானால் அந்த வழி போதும், கணக்குப் போடும் சிரமமும் மிச்சம்.

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்காரரிடம் மணிக்கு 920 ரூபாய் என்றால் அவர் பேச்சை அத்தோடு முடித்துவிடுவார் என்பது நியாயமான மறுப்பு. அவரிடம் மணியைச் சொல்லாமல், 30 மணி வேலைக்கு 27,600 ரூபாய் என்று மொத்தத் தொகையாக எழுதித் தரலாம். ஆனால் இரண்டு திருத்தங்கள் மட்டுமே அதில் அடங்கும், அதற்கு மேல் செய்பவை மணிக்கணக்கில் சேரும் என்ற வரியும் அதே தாளில் இருக்க வேண்டும்.